மேல்வீட்டுக்கு எந்தக் கடிதம்? நீர்க்கசிவுக்கு எழுதிய மூன்று வரைவுகள்

எங்கள் குளியலறை சீலிங்கில் முதலில் தெரிந்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் கறை. பத்து நாளில் அது முறத்தளவு ஆகிவிட்டது; ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. மேல்வீட்டில் இருப்பவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, மகனோடு இருக்கிறார். படிக்கட்டில் பார்த்தால் நின்று நலம் விசாரிப்பார். அவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது என் கையில் மூன்று வரைவுகள் சேர்ந்துவிட்டன. மூன்றும் கேட்பது ஒன்றுதான், கசிவு நிற்க வேண்டும். ஆனால் எதை அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்து அடுத்த ஆறு மாதம் எப்படிப் போகும் என்பதே மாறிவிடும். அதனால் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

எழுதாமல் நேரில் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். நேரில் முதலில் சொல்லத்தான் வேண்டும், கடிதம் திடீரென்று கதவிடுக்கில் வரக்கூடாது. ஆனால் பேச்சோடு நின்றால் எந்தத் தேதியில் என்ன பேசினோம் என்பது இருவருக்கும் இரண்டு விதமாக நினைவிருக்கும். குடியிருப்போர் சங்கத்திடம் முதலில் போவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லாததை ஊர்முன் சொன்னது போல ஆகும். மேல்வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள் என்றால் கடிதம் வீட்டு உரிமையாளருக்குப் போக வேண்டும், நகல் குடியிருப்பவருக்கு.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "உங்கள் குளியலறைக் குழாய் ஒழுகி எங்கள் சீலிங் பாழாகிறது. பதினைந்து நாளுக்குள் சரிசெய்து தரவும்." இதை எழுதும்போது எனக்குக் குழாய்தான் காரணம் என்று நிச்சயம். ஏனென்றால் தினமும் மாலையில் கறையின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வந்தேன். அந்த அம்மாவும் மகனும் நான்கு நாள் வெளியூர் போயிருந்தார்கள். ஆள் இல்லாத முதல் இரண்டு நாளும் கறை கோட்டைத் தாண்டி வளர்ந்தது. யாரும் தண்ணீர் புழங்காதபோதும் வளர்ந்தால் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் குழாய்தானே ஒழுக வேண்டும்?

அப்படி இல்லை. பல கட்டடங்களில் குளியலறைத் தளத்தை மற்ற அறைகளைவிட ஓரடி, ஒன்றரையடி இறக்கிக் கட்டுவார்கள். அந்தப் பள்ளத்தில் வடிகால் குழாய்களைப் படுக்கவைத்து, மேலே உடைசெங்கலோ மணலோ நிரப்பி, அதன்மேல் டைல்ஸ் போடுவார்கள். டைல்ஸ் இடுக்கு வழியே இறங்கும் தண்ணீரை அந்த நிரப்பல் பஞ்சு மாதிரிக் குடித்துவைத்துக்கொள்ளும். ஆட்கள் கிளம்பிப் போன பிறகும் அது நாள்கணக்கில் கீழே விட்டுக்கொண்டே இருக்கும். மூன்றாம் நாள் கறை நின்றதை நான் கோட்டில் பார்த்தேன், ஆனால் அதற்கு அர்த்தம் புரியவில்லை. குழாய் ஒழுகியிருந்தால் நான்காம் நாளும் வளர்ந்திருக்கும்.

முதல் வரைவின் அடிப்படைக் கோளாறு இதுதான். தெரியாத காரணத்தைத் தெரிந்தது போலச் சொல்லிவிடுகிறது. மேல்வீட்டுக்காரர் குளியலறைக்குள் போய்ப் பார்ப்பார். தரை காய்ந்திருக்கும், குழாயில் சொட்டு இருக்காது. "எங்க வீட்ல எதுவுமே ஒழுகலையே" என்பார். அது பொய்யில்லை, இடுக்கில் இறங்கும் தண்ணீர் மேலே நிற்பவருக்குத் தெரியவே தெரியாது. அதற்கும் மேலே, கெடு வைத்துக் கேட்டால் பெரும்பாலும் நடப்பது ஒன்று: ஒருவரைக் கூப்பிட்டு டைல்ஸ் இடுக்குகளில் மேலோட்டமாக வெள்ளை சிமென்ட் தடவுவார்கள். சில வாரம் கறை அடங்கும். பிறகு திரும்ப வரும். அப்போது அவர் "நான்தான் ஏற்கெனவே செலவு செய்தேனே" என்பார். அதற்கு நம்மிடம் பதில் இருக்காது.

இருந்தாலும் முதல் வரைவுக்கு ஒரு இடம் உண்டு. சீலிங் விளக்கின் மேல் சொட்டுகிறது, பூச்சு வயிறு போலத் தொங்குகிறது, துருநிறக் கோடும் வெடிப்பும் சேர்ந்து தெரிகிறது என்றால் உள்ளே கம்பி துருப்பிடித்துக் காரை பெயரத் தொடங்கியிருக்கலாம். அங்கே ஆய்வு, பங்கு என்றெல்லாம் பேசக் கூடாது. அந்த விளக்கின் மின் இணைப்பை அணைத்துவிட்டு, மேலே ஓடிப்போய் வால்வை மூடச் சொல்லி, அன்றைக்கே எழுத்தில் கொடுக்க வேண்டியதுதான்.

இரண்டாவது வரைவு நேர் எதிர்: "செலவை ஆளுக்குப் பாதி போட்டுச் சரிசெய்துவிடலாம்." நல்ல மனதோடு எழுதியது. படித்தால் இனிமையாகவும் இருக்கும். ஆனால் எதில் பாதி? மேல்வீட்டில் பழைய டைல்ஸை மாற்ற ஏற்கெனவே ஆசை இருந்தால் முழுக் குளியலறைக்கும் பாதி கேட்கலாம், நீங்கள்தானே எழுதிக்கொடுத்தீர்கள். காரணம் சுவரோரம் இறங்கும் பொதுக் குழாய் என்று தெரியவந்தால், அதைப் பழுதுபார்ப்பது பெரும்பாலான குடியிருப்புகளில் எல்லோருக்கும் பொதுவான செலவு. அதை இரண்டு வீடு மட்டும் சுமப்பதில் நியாயமில்லை. இன்னும் ஒன்று உண்டு. கேட்பதற்கு முன்பே பாதி தருகிறேன் என்றால், சிலருக்கு "அப்போ இவருக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது போல" என்று தோன்றும்.

இந்த வரைவு பொருந்துவது சின்ன வேலைக்கு. உதாரணமாக, மேல்வீட்டு வடிகால் குழாய் நம் பொய்க்கூரைக்குள் தொங்குகிறது, அதன் இணைப்பில் துளி நிற்பது இரண்டு பேர் கண்ணுக்கும் தெரிகிறது, பிளம்பருக்கு அரைநாள் வேலை என்று வையுங்கள். சோதனைக்கு ஆகும் செலவு பழுதுச் செலவைவிட அதிகமாகிவிடும். அங்கே பாதிப்பாதி என்று முடித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

நான் அனுப்பியது மூன்றாவது. அது பணத்தைப் பற்றி வேறு மாதிரி பேசுகிறது. சோதனைச் செலவு மட்டும் இப்போதே ஆளுக்குப் பாதி. பழுதுச் செலவு எப்படிப் பிரியும் என்ற விதி, காரணம் தெரிவதற்கு முன்பே எழுதப்படுகிறது. காரணம் தெரிந்த பிறகு விதி பேசினால் ஒவ்வொருவரும் தனக்குச் சாதகமாகத்தான் பேசுவார்கள். முன்பே பேசினால் இருவரும் ஒரே இருட்டில் நிற்கிறோம், நியாயமாகப் பேச முடியும். கடிதத்தை அப்படியே தருகிறேன்:

"மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். ஞாயிற்றுக்கிழமை நேரில் சொன்ன விஷயத்தை நினைவுக்காக எழுதுகிறேன். எங்கள் குளியலறை சீலிங்கில், உங்கள் குளியலறைக்கு நேர் கீழே, சுவரோரமாக ஈரக்கறை இருக்கிறது. பத்து நாளில் 15 செ.மீ. அகலத்திலிருந்து 50 செ.மீ. ஆகியிருக்கிறது. தேதியோடு எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு இன்னும் தெரியாது. உங்கள் குழாயாக இருக்கலாம், வடிகாலாக இருக்கலாம், தரையாக இருக்கலாம், பொதுக் குழாயாகவும் இருக்கலாம். நாம் இருவரும் சேர்ந்து, இருவருக்கும் சம்மதமான ஒரு பிளம்பரை வைத்து ஆய்வு செய்யலாமா? அதற்கான கூலியை ஆளுக்குப் பாதி ஏற்கலாம்.

பழுதுக்கு என் யோசனை இது. பொதுக் குழாய் என்றால் இருவரும் சேர்ந்து சங்கத்திடம் எழுதுவோம். உங்கள் வீட்டுக் குழாயோ வடிகாலோ என்றால் அந்த வேலை உங்களுடையது, எங்கள் சீலிங் பூச்சும் பெயின்டும் என்னுடையது. தரையின் நீர்த்தடுப்பு என்றால் உடைப்பதும் டைல்ஸும் உங்களுடையது, நீர்த்தடுப்புப் பூச்சின் செலவில் பாதியை நான் தருகிறேன். டைல்ஸ் போடுவதற்கு முன் தண்ணீர் நிறுத்திப் பார்த்து, கீழே ஈரம் வராததை இருவரும் பார்த்தபின் அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுகிறேன். சோதனையில் எதுவும் கிடைக்காவிட்டால் இதில் யாருக்கும் எந்தக் கட்டாயமும் இல்லை.

வரும் இரண்டு வாரத்தில் உங்களுக்குத் தோதான நாளைச் சொல்லுங்கள். மாற்ற வேண்டியது ஏதாவது இருந்தால் இதே தாளில் எழுதித் தாருங்கள்."

'எனக்கு இன்னும் தெரியாது' என்ற வரியை நான் மூன்று முறை வெட்டிவிட்டுத் திரும்பச் சேர்த்தேன். பலவீனமாகத் தெரியுமோ என்ற பயம். ஆனால் அந்த அம்மா கதவைத் திறந்ததே அந்த வரியால்தான் என்று பிறகு அவரே சொன்னார். "நான்தான் காரணம்னு எழுதியிருந்தா என் பையன் உள்ளே விட்டிருக்கவே மாட்டான் தம்பி" என்றார். ஒரு திருத்தமும் கேட்டார்: பிளம்பர் எதையும் உடைத்துப் பார்க்கக் கூடாது. சரி என்று அதையும் எழுதிக் கையெழுத்திட்டோம்.

நீர்த்தடுப்பில் பாதி என்று ஏன் எழுதினேன்? தரை அவருடையது, நியாயமாகப் பார்த்தால் அது முழுக்க அவர் செலவு என்று வாதிடலாம். ஆனால் அவரிடம் இரண்டு வழி இருக்கிறது. இடுக்கைப் பூசிவிடும் மலிவான வழி, உடைத்துச் செய்யும் சரியான வழி. மலிவான வழியில் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை, கஷ்டம் எனக்குத்தான். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தில்தான் என் பணத்துக்கு வேலை. அதைச் சோதனை தேறியபின் கொடுப்பதால், வேலை ஒழுங்காக நடந்ததா என்று பார்க்கும் உரிமையும் சேர்ந்து வருகிறது.

அப்புறம் ஆய்வு. இதில் வரிசை முக்கியம். வரிசை மாறினால் ஒரு கசிவு இன்னொன்றின் மேல் பழி போட்டுவிடும். நாங்கள் தொடங்கும் முன் நான்கு நாள் அந்தக் குளியலறையைப் பூட்டிவைத்தோம். அவர்கள் வீட்டில் இரண்டு குளியலறை இருந்ததால் முடிந்தது. நிரப்பலில் இருக்கும் பழைய தண்ணீர் வடியாமல் எந்தச் சோதனையும் செல்லாது. பிளம்பர் ஈரமானி கொண்டுவந்திருந்தார். அதில் வரும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது, உப்புப் பூத்த சுவர் காய்ந்திருந்தாலும் ஈரம் போலக் காட்டும். கறையில் ஐந்து இடங்களில் பென்சில் புள்ளி வைத்து, அதே புள்ளிகளில் முன்னும் பின்னும் எடுத்து, வித்தியாசத்தை மட்டும் பார்த்தோம்.

முதலில் அழுத்தக் குழாய். இரவு பத்து மணிக்கு எல்லாக் குழாய்களையும் மூடி, கழிப்பறை ஃபிளஷ் தொட்டிக்குப் போகும் சிறு வால்வையும் மூடி, தண்ணீர் மீட்டரைப் படமெடுத்தோம். ஃபிளஷ் தொட்டியை மறந்தால் அது மெல்ல நிரம்பிக்கொண்டே மீட்டரை ஓட்டும், நாம் குழாய் உடைந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவோம். காலை ஐந்து மணிக்கு மீட்டர் ஒரு புள்ளிகூட நகரவில்லை. என் முதல் வரைவு அந்த விடியற்காலையில் பொய்யாகிப்போனது. மீட்டர் இல்லாத வீடுகளில் பிளம்பர் குழாயில் அழுத்தமானி பொருத்தி, முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்.

அடுத்து வடிகால். தரை நனையாதபடி ஒரு குழாயை நேராகத் தரைவடிகாலுக்குள் செருகி, பத்து வாளி தண்ணீர் ஊற்றினோம். பிறகு வாஷ்பேசினிலும் கழிப்பறையிலும் வேறுவேறு நிறச் சாயம் கலந்து விட்டோம். சாயம் கீழே தெரிந்தால் அது ஆதாரம். தெரியாவிட்டால் ஒன்றும் நிரூபணமாகாது, நிரப்பல் நிறத்தை வடிகட்டிவிடலாம். அதனால் ஈரமானியைத்தான் நம்பினோம். இரண்டு நாள் பார்த்தும் ஐந்து புள்ளிகளிலும் மாற்றம் இல்லை.

கடைசியில்தான் தரை. வடிகாலை ரப்பர் அடைப்பால் மூடி, கதவு நிலையில் களிமண்ணால் சிறு வரப்புக் கட்டினோம். "தண்ணி நிறுத்தினா பெட்ரூமுக்குள்ள வந்துடாதா?" என்று அந்த அம்மா கேட்டதால் வரப்பு இரண்டு விரல்கடை கூடுதல் உயரமாக எழுந்தது. நான்கு சதுர மீட்டர் தரைக்குச் சராசரி இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் 100 லிட்டர், அதாவது நூறு கிலோ. பரவலாக நிற்பதால் தளத்துக்கு அது பாரமே இல்லை. என் வீட்டில் குளியலறை விளக்குக்கான மின்சாரத்தை முன்பே அணைத்துவிட்டேன்.

அங்கே பிளம்பர் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. தண்ணீருக்கு நடுவில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து, அதிலும் தண்ணீர் ஊற்றி, உள்பக்கம் நீர்மட்டத்தில் கோடு போட்டார். பக்கத்து டைல்ஸ் சுவரிலும் ஒரு கோடு. 24 மணி நேரம் கழித்துக் கிண்ணத்தில் 2 மி.மீ. குறைந்திருந்தது. அது காற்றில் ஆவியானது. தரையில் 6 மி.மீ. குறைந்திருந்தது. மிச்சமான 4 மில்லிமீட்டரை நான்கு சதுர மீட்டரோடு பெருக்கினால் 16 லிட்டர். ரப்பர் அடைப்பு ஒழுகி அது போயிருக்கலாமே என்ற சந்தேகத்துக்காக, குழாயின் வெளிப்பக்க மூடியைத் திறந்து பார்த்தோம். உள்ளே காய்ந்திருந்தது. கீழே சுவரோரப் புள்ளியில் நான் ஒட்டிவைத்த டிஷ்யூ காகிதம் 19ஆம் மணி நேரத்தில் நனைந்து தானாக விழுந்தது. ஒரு நாள் முழுக்க எதுவும் தெரியாமல் இருந்தாலும் இன்னொரு நாள் பொறுத்திருக்க வேண்டும், நிரப்பல் அவ்வளவு தாமதம் செய்யும்.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மேலே போனேன். கிண்ணத்தையும் சுவர்க் கோட்டையும் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாவின் மகன், காகிதத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "எப்போ வேலையை ஆரம்பிக்கலாம்?" என்று மட்டும் கேட்டார். எத்தனை பக்கம் வாதாடி எழுதியிருந்தாலும் அந்தக் கேள்வி வந்திருக்காது என்று நினைக்கிறேன். சேர்ந்து பார்ப்பதன் பலன் அதுதான், யாரும் யாரையும் நம்ப வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது.

கீழிருந்தே துளையிட்டு பாலியூரிதேன் செலுத்தி அடைத்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். மேல்வீட்டுக்குத் தொந்தரவில்லாத வழி அது, ஒரே ஒரு வெடிப்பில் சொட்டினால் கைகொடுக்கும். எங்கள் விஷயத்தில் தண்ணீர் தரை முழுக்க இறங்கி நிரப்பலில் நிற்கிறது. கீழே ஒரு வழியை அடைத்தால் அது இன்னொரு வழி தேடும், கான்கிரீட் ஈரத்திலேயே ஊறிக் கிடக்கும். அதனால் மேலிருந்துதான் செய்ய வேண்டும் என்று முடிவானது. டைல்ஸையும் நனைந்த நிரப்பலையும் எடுத்து, தளத்தைக் காயவிட்டு, மூலைகளை வளைவாகப் பூசி, பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சை ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு தடவை அடித்தார்கள். சுவரில் 15 செ.மீ. உயரத்துக்கு ஏற்றினார்கள், ஷவர் பக்கம் ஆளுயரத்துக்கு. வடிகால் வாயைச் சுற்றித் துணிவலை பதித்தார்கள். இந்த மாதிரிப் பூச்சு பெரும்பாலும் தோற்பது மூலைகளிலும் குழாய் வாயிலும்தான், நடுத்தரையில் அல்ல.

பூச்சு இறுகியபின், டைல்ஸுக்கு முன், மறுபடியும் இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தினோம். ஈரமானி அசையவில்லை. அன்று மாலையே என் பங்கைக் கொடுத்தேன். மொத்தச் செலவை நூறு பங்காக வைத்தால் உடைப்பும் குப்பை அள்ளுவதும் 20, புது வடிகால் 10, நீர்த்தடுப்பு 20, டைல்ஸும் கூலியும் 50. என் கணக்கில் வந்தது அதில் 10, அது போக என் சீலிங். இரண்டாவது வரைவை அனுப்பியிருந்தால் 50. முதல் வரைவில் எனக்குச் செலவே இருந்திருக்காது, ஆனால் அவர் வீட்டில் டைல்ஸ் இடுக்கில் வெள்ளை சிமென்ட்தான் இருந்திருக்கும்.

சீலிங்கை நான் இன்னும் பூசவில்லை. கான்கிரீட் முழுக்கக் காயப் பல வாரம் ஆகும், அவசரப்பட்டுப் பெயின்ட் அடித்தால் கொப்பளித்து உரியும். உப்பை மட்டும் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்திருக்கிறேன், தண்ணீரால் கழுவினால் அது உள்ளே திரும்பிப் போய்விடும். ஐந்து புள்ளிகளில் வாரத்துக்கு ஒருமுறை அளவெடுத்து அந்த அம்மாவுக்கும் சொல்கிறேன். போன வாரம் நான்கு புள்ளிகள் பக்கத்துச் சுவரின் அளவுக்கு வந்துவிட்டன. சுவரோரப் புள்ளி மட்டும் பாக்கி.